கடைசித் தேதி இருக்க வேண்டிய இடம் நாட்காட்டியா, பணிப்பட்டியலா?

திருப்பூர்க் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பிப்ரவரி முதல், நான் உட்பட மூவருக்கும் மாதாந்திர வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வருகிறது. எங்களிடம் மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கட்சிக்காரர்கள் 22 பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் பெரிய பனியன் ஏற்றுமதியாளர்கள். மற்றவர்கள் நூல் வியாபாரம், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று சிறிய அளவில் தொழில் செய்பவர்கள்.

தேதிகள் உங்களில் பலருக்கும் தெரிந்தவைதான். டிடிஎஸ் தொகையை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11, பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டுக்கும் 15, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. உடன் பணிபுரியும் ஒருவர், இவை அனைத்தையும் கட்சிக்காரர் பெயரோடு அலுவலகத்தின் பொது நாட்காட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார். மற்றவரோ, நாட்காட்டியில் சந்திப்புகள் மட்டும் இருந்தால் போதும், மீதி எல்லாம் பணிப்பட்டியலுக்குப் போகட்டும் என்கிறார். முதல் வழியில் போனால் 20ஆம் தேதிக்குக் கீழே மட்டும் 22 பதிவுகள் வரிசையாக நிற்கும். இரண்டாவது வழியில் போனால், அந்த வேலைகளுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் பார்க்க முடியாது. எதை வைத்து இதை முடிவு செய்கிறீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணி

உங்கள் முதல் நண்பர் சொல்வதுதான் சரி, ஆனால் அவர் பாதியில் நின்றுவிட்டார். கடைசித் தேதியை ஏற்றினால் போதாது, வேலை செய்யும் நேரத்தையே ஏற்ற வேண்டும். 16ஆம் தேதி காலை 10 முதல் 11.30 வரை முதல் கட்சிக்காரர், 11.30 முதல் 1 வரை அடுத்தவர் என்று 22 பெயருக்கும் இடம் ஒதுக்குங்கள். பட்டியலில் இருக்கும் வேலைக்கு நேரம் கிடையாது, நேரம் இல்லாத வேலையை மனம் தள்ளிக்கொண்டே போகும். நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் திட்டப் பொறியாளர். என்னுடைய வேலைகளை எல்லாம் நாட்காட்டியில்தான் வைத்திருக்கிறேன், பணிப்பட்டியல் என்று தனியாக ஒன்றும் இல்லை. அபராதம் அதிகம் உள்ளவற்றையாவது கட்டாயம் நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள்.

பழைய பேரேடு

தம்பி, நான் கோவையில் இதே வேலையில் நீண்ட காலம் இருந்தவள். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த நேரம் கடந்துபோனால், வேலை மறுநாளும் என் மேசையில் இருக்குமா, இருக்காதா? ஜிஎஸ்டி அதிகாரி முன்பு நேரில் விளக்கம் அளிக்க 18ஆம் தேதி காலை 11 மணி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக்குப் போனால் அந்த விசாரணை அங்கே இல்லை. வாய்தா கேட்கலாம் என்றாலும், ஒரு வழக்கில் மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கிடையாது. ஆகவே அதன் இடம் நாட்காட்டி. 3பி அப்படிப்பட்டதல்ல. 20ஆம் தேதி தவறினால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டியும் நாள் கணக்கில் தாமதக் கட்டணமும் சேரும், ஆனால் வேலை அப்படியே காத்திருக்கும், அதைச் செய்தே தீர வேண்டும். அப்படியானால் 20 என்பது ஒரு சந்திப்பின் நேரம் அல்ல, பட்டியலில் உள்ள ஒரு வேலையோடு ஒட்டியிருக்கும் எல்லை. அந்த எல்லையைப் பட்டியலிலேயே, வேலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதில் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. நாட்காட்டியில் வைத்த பதிவு, செய்தாலும் செய்யாவிட்டாலும் மறுநாள் கண்ணுக்குப் பின்னால் போய்விடும். 20ஆம் தேதிக்குக் கீழே 22 பெயர்கள் இருந்து 19 முடிந்திருந்தால், மீதி மூன்று பெயர்களை 21ஆம் தேதி காலையில் யாரும் பார்க்க மாட்டார்கள், பின்னோக்கித் திருப்பினால்தான் தெரியும். பட்டியலில் இருந்தால் கோடு போட்டு அடிக்கும் வரை அவை எதிரிலேயே நிற்கும்.

அபராதத்தின் அளவை வைத்து இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டிடிஎஸ் கழித்துவிட்டு 7ஆம் தேதிக்குப் பிறகு கட்டினால், கழித்த தேதியிலிருந்தே மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி வரும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஒரு நாள் தாமதத்துக்கு இது கடுமைதான். அந்தக் கடுமை நமக்குச் சொல்வது, வேலையை 3ஆம் தேதியே கையில் எடுக்க வேண்டும் என்பதைத்தான். அதற்காகவே ஒன்றை நாட்காட்டிக்கு மாற்றினால், நம்மைப் பயமுறுத்தும் எல்லாமே அங்கே போய்ச் சேரும், உண்மையில் நகர்த்த முடியாத விசாரணை அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

காலை ஆறு மணி

அம்மா, அப்படியென்றால் வேலைக்கு நேரம் எப்போது ஒதுக்கப்படும்? பட்டியலில் இருப்பது எதிரிலேயே நிற்கும் என்பது உண்மை. ஆனால் நிற்பது வேறு, நடப்பது வேறு. 20ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி தளத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய முயல்வதற்குக் காரணமே, முன்கூட்டி யாரும் நேரம் ஒதுக்காததுதான் இல்லையா?

பழைய பேரேடு

நேரத்தை ஒதுக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பெயரை ஒதுக்க வேண்டும் என்பதில்தான் மாறுபடுகிறேன். எங்கள் வேலையில் கொள்முதல் வரிக் கழிவு விவரம், அதாவது 2பி, 14ஆம் தேதிதான் தளத்தில் வரும். அதைக் கட்சிக்காரரின் கொள்முதல் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், புத்தகத்தை அவர்தான் அனுப்ப வேண்டும். 16ஆம் தேதி 10 மணி என்று நூல் வியாபாரியின் பெயரை எழுதிவைத்தேன், அவருடைய பில்கள் வரவில்லை என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் வெறுமையாகும். அடுத்தவரை முன்னால் இழுத்தால் அவருக்குப் பின்னால் உள்ள எல்லாப் பெயரும் நகரும். இரண்டு நாள் இப்படி நகர்ந்த பிறகு, அந்த நாட்காட்டி சொல்வதை மூவரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். விசாரணைத் தேதியையும் அதே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள், அதுதான் பெரிய இழப்பு.

ஆகவே நாட்காட்டியில் '2பி ஒப்பீடு' என்று மட்டும் ஒரு பெரிய கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் யாருடைய கணக்கை எடுப்பது என்பதை அன்று காலை பட்டியலைப் பார்த்து, பில் வந்திருப்பவர்களில் இருந்து தேர்ந்தெடுங்கள்.

திருப்பூர்க் கணக்கர்

அம்மா, மிக்க நன்றி. பிப்ரவரிக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

ஏற்றுமதியாளர் நால்வருக்கும் ஆளுக்கு ஐந்து மணி நேரம் வைத்தால் 20 மணி. மற்ற 18 பேருக்கு ஒன்றரை மணி வீதம் 27 மணி. ஆக மொத்தம் 47 மணி நேர வேலை. தொலைபேசி, வருவோர் போவோர் எல்லாம் போக, ஒருவர் ஒரு நாளில் இடையூறு இல்லாமல் உட்காரக் கிடைப்பது காலை 9.30 முதல் 1.30 வரை நான்கு மணி நேரம்தான். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 12 மணி. பிப்ரவரி 2026இல் 15ஆம் தேதி ஞாயிறாக வருகிறது. 16 முதல் 19 வரை நான்கு நாளும் கட்டம் போட்டால் கிடைப்பது 48 மணி. வேலை 47 மணி என்னும்போது அது நிரம்பிவிடும், தாக்கல் முழுவதும் 20ஆம் தேதியில் போய் விழும்.

பழைய பேரேடு

கணக்கு சரி, தம்பி. இந்தக் கணக்கைப் போட முடிந்ததே கட்டம் வைப்பதன் முதல் பயன். ஆனால் 47 மணி நேரமும் 14ஆம் தேதிக்குப் பிறகுதான் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? 2பி வேண்டியிருப்பது கொள்முதல் பக்கத்துக்கு மட்டும். விற்பனை பக்கத்தின் தொகைகள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆனதுமே 3பி படிவத்துக்கு வந்துவிடும். அவற்றைச் சரிபார்க்கும் வேலையை 12, 13 தேதிகளில் முடித்துவிடலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே குறையும் என்றால், 14க்குப் பிறகு மிஞ்சுவது 32 மணி அளவுதான். 16, 17, 18 மூன்று நாள் கட்டங்களில் 36 மணி கிடைக்கிறது. 19ஆம் தேதி தாக்கலுக்கு என்று தனியாக நிற்கும்.

அந்த 19ஆம் தேதியில்தான் உண்மையான சந்திப்புகள் சில பிறக்கும் என்பதைக் கவனியுங்கள். தனி உரிமையாளராக இருப்பவர்களின் படிவத்தை ஓடிபி வைத்துத் தாக்கல் செய்கிறீர்கள் அல்லவா? அந்த எண் அவருடைய கைபேசிக்குப் போகும், சில நிமிடங்களில் காலாவதியாகும். அவர் விமானத்தில் இருந்தாலோ சாயப்பட்டறைக்குள் அலைபேசி கேட்காத இடத்தில் இருந்தாலோ, நீங்கள் முடித்துவைத்த படிவம் அங்கேயே நிற்கும். ஆகவே 'இன்னாருடைய தாக்கல், 19ஆம் தேதி, 11.15, அவர் தொலைபேசி அருகில் இருப்பார்' என்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லி நாட்காட்டியில் எழுத வேண்டும். அதே கட்சிக்காரருடைய ஒப்பீட்டு வேலை பட்டியலில், தாக்கலின் கடைசிப் படி நாட்காட்டியில். மின் கையொப்ப டோக்கன் அலுவலகத்திலேயே இருக்கும் கம்பெனிகளுக்கு இது தேவையில்லை, அவை பட்டியலிலேயே இருக்கலாம்.

வைகைக்கரை

மன்னிக்கவும், எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்று கேட்கிறீர்கள் என நினைத்துத்தான் உள்ளே வந்தேன். எனக்குக் கணக்குத் துறை தெரியாது. ஆனால் படித்த பிறகு, என் வீட்டுக்கும் இதே கேள்வி இருக்கிறது என்று தோன்றுகிறது.

என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை 6 மணிக்கு. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நாங்கள் தாமதமாகப் போனால் நேரம் குறையும், போகாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். அது நாட்காட்டிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழப்பம் மற்றவற்றில்தான். ஊசி மருந்து தீர்வதற்குள் வாங்க வேண்டும், மாத ரத்தப் பரிசோதனை, காப்பீட்டுத் தாள்கள். ஊசி மருந்தை எந்த நாளிலும் வாங்கலாம் என்பதால் பட்டியலில்தான் வைத்தேன், ஆனால் மாதம் முழுவதும் அது பட்டியலில் இருந்துகொண்டே இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போகிறது. நாட்காட்டியில் 20ஆம் தேதி 'மருந்து வாங்கு' என்று போட்டால், அன்று சிகிச்சை முடிந்து அப்பா களைத்திருக்கும் நாளாக இருந்தால் வெளியே போக முடிவதில்லை. இதற்கு என்ன செய்வது?

பழைய பேரேடு

அம்மா, உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று. பட்டியலில் ஒரு வேலைக்கு முடிவுத் தேதி மட்டும் போதாது, அது கண்ணில் படத் தொடங்க வேண்டிய தேதியும் வேண்டும். மருந்து 25ஆம் தேதி தீரும் என்றால், 17ஆம் தேதி வரை அந்த வரி உங்கள் எதிரில் வரவே வேண்டாம். 17 முதல் வாங்கும் வரை தினமும் வரட்டும். எந்த நாளில் போவது என்பதை உங்கள் நிலைமை தீர்மானிக்கும். மாத ரத்தப் பரிசோதனை வேறு வகை. சிகிச்சை தொடங்கும் முன் ரத்தம் எடுப்பார்கள் என்றால், அதற்குத் தனிப் பதிவே வேண்டாம், குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையின் பதிவுக்குள் ஒரு வரியாக எழுதினால் போதும்.

நிரல்வாணன்

நான் நாட்காட்டி மென்பொருள்களோடு வேலை செய்பவன். இங்கே பேசப்படும் வேறுபாடு மென்பொருள்களுக்குள்ளும் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நாட்காட்டிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவத்துக்கு 2009இல் வெளியான `RFC 5545` என்ற வரையறை இருக்கிறது. அதில் நிகழ்வுக்கு `VEVENT`, செய்ய வேண்டிய வேலைக்கு `VTODO` என்று இரண்டு தனி உறுப்புகள் உண்டு. 3பி வேலையைச் சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

```
BEGIN:VTODO
SUMMARY:3பி தாக்கல்
DTSTART;VALUE=DATE:20260212
DUE;VALUE=DATE:20260220
STATUS:NEEDS-ACTION
END:VTODO
```

பேரேடு அம்மா சொன்ன 'கண்ணில் படத் தொடங்கும் தேதி'க்கு `DTSTART` பொருந்தும், எல்லைக்கு `DUE`. வேலை முடிந்ததா என்ற நிலை `VTODO`வுக்குத்தான் உண்டு. நிகழ்வுக்கு உறுதியானது, ரத்தானது போன்ற நிலைகள் இருக்கின்றன, முடிந்தது என்ற நிலை இல்லை. எனவேதான் அது கடந்தவுடன் அமைதியாகப் பின்னால் போய்விடுகிறது. இரண்டு தேதியும் இல்லாத `VTODO`வைப் பற்றி அந்த வரையறை சொல்வது எனக்குப் பிடித்தமானது: அது முடிக்கப்படும் வரை ஒவ்வொரு நாளோடும் சேர்ந்ததாகக் கருதப்படும். மறுபுறம், ஒருவருடைய நேரத்தை அடைக்கிறதா இல்லையா என்று குறிக்கும் `TRANSP` என்ற பண்பு நிகழ்வுக்கு மட்டுமே உண்டு, வேலைக்கு இல்லை.

ஒரு கேள்வியும் உண்டு. மறுநாளும் வேலை மேசையில் இருக்குமா என்ற உங்கள் அளவுகோல், ஜிஎஸ்டி மேல்முறையீட்டில் என்ன சொல்கிறது? என் உறவினர் ஒருவருக்கு இப்போது அந்தச் சூழ்நிலை. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேல்முறையீடு செய்யும் உரிமையே போய்விடுகிறது. அதில் யாரோடும் சந்திப்பு இல்லை, வெறும் கடைசித் தேதிதான்.

பழைய பேரேடு

நல்ல கேள்வி. என் அளவுகோலின்படியே அது நாட்காட்டிக்கு உரியது. அந்தத் தேதி கடந்தால் மறுநாள் மேசையில் அந்த வேலை இல்லை, கதவு மூடிவிட்டது. கடைசித் தேதி என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கின்றன என்று நான் முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்கலாம். தவறினால் செலவு கூடும் வகை பட்டியலுக்கு, தவறினால் வழியே அடைபடும் வகை நாட்காட்டிக்கு. மேல்முறையீட்டு மனு எழுதுவது, முன்வைப்புத் தொகைக்கு ஏற்பாடு செய்வது போன்றவை அப்போதும் பட்டியலில்தான். நாட்காட்டியில் எழுதும் தேதி மூன்று மாத முடிவாக இருக்கட்டும், அந்தக் கூடுதல் மாதத்தை எழுதாதீர்கள். அது அதிகாரியின் மனநிறைவைப் பொறுத்தது, நம் கையில் இருப்பதல்ல.

திருப்பூர்க் கணக்கர்

ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் மிச்சம். 7, 11, 15, 20 ஆகிய தேதிகளை, பெயர்கள் எதுவும் இல்லாமல், அந்த நாளின் தலையில் ஒரு பட்டையாக நாட்காட்டியில் காட்டலாமா? நேரத்தை அடைக்காதபடி `Free` என்று வைத்துவிடுவோம். புதிதாகச் சந்திப்பு குறிப்பவர் 20ஆம் தேதியைப் பார்த்தவுடன், அன்று வெளியூர் வேலை வேண்டாம் என்று புரிந்துகொள்வார் அல்லவா?

பழைய பேரேடு

நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அது வேலை அல்ல, அந்த நாளைப் பற்றிய தகவல். தகவலுக்கு நாட்காட்டியில் இடம் உண்டு.

நிரல்வாணன்

இதில் மட்டும் நான் உடன்படவில்லை. அரசு அறிவிக்கை மூலம் தேதியை நீட்டிப்பது ஜிஎஸ்டியில் புதிதல்ல. அப்படி நீட்டித்தால் பட்டியலில் 22 வரிகளையும் மாற்றுவீர்கள், நாட்காட்டியில் உள்ள பட்டையை மாற்ற மறப்பீர்கள். ஒரே தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எதை நம்புவது? பணிகளையும் நாட்காட்டித் திரையிலேயே காட்டும் மென்பொருள் வைத்திருந்தால் பட்டை தேவைப்படாது.

காலை ஆறு மணி

பட்டை இருக்கட்டும் என்பதே என் கருத்து. நீட்டிப்பு வந்தால் பழைய தேதி முன்கூட்டியே எச்சரிக்கும், அதனால் இழப்பு இல்லை. பெயர்களை நாட்காட்டியில் ஏற்றுவது உங்கள் வேலைக்கு ஒத்துவராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் களத்தில் கான்கிரீட் போடும் நாளுக்குக் கலவை வண்டியும் ஆட்களும் ஒரே நேரத்துக்கு வந்து நிற்பார்கள், ஆகவே எனக்குப் பெரும்பாலானவை உண்மையாகவே நேரம் குறித்த வேலைகள். அலுவலகத்தில் இருந்து செய்யும் அளவுப் புத்தகச் சரிபார்ப்பை மட்டும் பட்டியலுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

திருப்பூர்க் கணக்கர்

பட்டையைப் பற்றி எங்கள் மூவருக்குள்ளும் இதே போல இரண்டு கருத்து இருக்கிறது, அதனால் பிப்ரவரியில் 20க்கு மட்டும் வைத்துப் பார்க்கிறோம். மற்றவை இப்படி: 12, 13 காலையில் விற்பனைச் சரிபார்ப்புக் கட்டம், 16 முதல் 18 வரை ஒப்பீட்டுக் கட்டம், 19இல் ஓடிபிக்காக நேரம் பேசிய தனி உரிமையாளர்கள் மட்டும் பெயரோடு. பில் அனுப்பத் தாமதிப்பவர்களுக்கு 13ஆம் தேதி நினைவூட்டுவது பட்டியலில் தனி வரியாக இருக்கும். பேரேடு அம்மா, 18ஆம் தேதி மாலை வரை பில் அனுப்பாதவரை என்ன செய்வீர்கள்? அவருக்கு 19இல் நேரம் குறிப்பதா, வேண்டாமா?

பழைய பேரேடு

குறிக்க வேண்டாம். பில் வந்த பிறகு எந்த நேரம் மிச்சம் இருக்கிறதோ அதைக் கொடுங்கள், வராதவருக்காக 19ஆம் தேதியின் இடத்தைப் பிடித்து வைக்காதீர்கள். ஆனால் ஏற்றுமதியாளர் நால்வரில் ஒருவர் அப்படி இருந்தால் ஐந்து மணி நேர வேலை கடைசி நாளில் வந்து விழும் என்பதால், அவரிடம் மட்டும் 16ஆம் தேதி காலையிலேயே உங்கள் தணிக்கையாளரைப் பேச வையுங்கள். தணிக்கையாளரின் நேரம் வேண்டும் என்பதால் அந்த அழைப்பை நாட்காட்டியில் எழுதுங்கள்.